வெளிநாட்டு சைட்டுக்கு சூப்பர்வைசர் ரெஸ்யூமே: வேலைப் பட்டியலா, ப்ராஜெக்ட் கணக்கா?

வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ விண்ணப்பிக்கும் சைட் சூப்பர்வைசர்களின் ரெஸ்யூமே பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் வருகிறது. முதல் விதத்தில் கம்பெனி பெயர், தேதி, அதற்குக் கீழே செய்த வேலைகளின் பட்டியல் இருக்கும். இரண்டாவது விதத்தில் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டையும் தனியாகப் பிரித்து ஆள் கணக்கு, வேலை அளவு, பாதுகாப்புப் பதிவு, பண மதிப்பு என்று எண்ணாக எழுதியிருப்பார்கள். எழுதச் சுலபமானது முதலாவது. வேலை வாங்கித் தருவது பெரும்பாலும் இரண்டாவது. ஆனால் எண்களைத் தப்பாக எழுதிவிட்டால் அது முதலாவதைவிட மோசமாகக் காலை வாரிவிடும்.

ஒரே ஆளின் ஒரே ஆண்டு அனுபவத்தை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கலாம். சென்னையில் இரண்டு டவர் கொண்ட பதினான்கு மாடிக் குடியிருப்பு. அதில் ஒரு டவரின் ஸ்ட்ரக்சர் வேலை மட்டும் இவர் பொறுப்பு. உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட கணக்கு இது.

வேலைப் பட்டியலாக எழுதினால்:

> சைட் சூப்பர்வைசர். தினசரி வேலைகளை மேற்பார்வையிட்டேன். ஷட்டரிங், கம்பி, கான்கிரீட் வேலைகளைச் சரிபார்த்தேன். தொழிலாளர்களை நிர்வகித்தேன். பாதுகாப்பு விதிகள் பின்பற்றப்படுவதை உறுதி செய்தேன். தினசரி ரிப்போர்ட் தயாரித்தேன்.

ப்ராஜெக்ட் கணக்காக எழுதினால்:

> குடியிருப்பு டவர், ஒரு பேஸ்மென்ட், தரைத்தளம் + 14 மாடி, 11,500 சதுர மீட்டர். மொத்த ஒப்பந்தம் 600 மில்லியன் ரூபாய். என் பொறுப்பில் டவர் பி ஸ்ட்ரக்சர், 130 மில்லியன் ரூபாய். கான்கிரீட் 5,400 கன மீட்டர், கம்பி 600 டன். சராசரி 60 பேர், உச்சத்தில் 84 பேர், 3 ஃபோர்மேன் வழியாக. ஸ்லாப் சுற்று 16 நாளிலிருந்து 11 நாளுக்கு. 12 மாதம், 1,87,200 மனித மணி, வேலை நாள் இழந்த விபத்து 1.

முதல் பத்தியை இந்தியாவில் உள்ள எந்த சூப்பர்வைசரும் தன் பெயரைப் போட்டு அனுப்பலாம். அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் இந்த ஆளும் இல்லை. இரண்டாவதை வேறொருவர் தன்னுடையதாக அனுப்ப முடியாது.

இது ஏன் முக்கியம் என்றால், வெளிநாட்டுப் பெரிய ப்ராஜெக்ட்டுகளில் ரெஸ்யூமே ஏஜென்டோடு நின்றுவிடுவதில்லை. ஏஜென்ட் பிரித்த பிறகு கான்ட்ராக்டரின் கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜர் படிப்பார். பல ஒப்பந்தங்களில் அதற்கும் மேல், சூப்பர்வைசர்களின் ரெஸ்யூமேவை ப்ராஜெக்ட் உரிமையாளரின் ஆலோசகருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். அந்த ஆலோசகர் உங்களை நேரில் பார்த்திருக்க மாட்டார். இதே மாதிரிக் கட்டடத்தில் இத்தனை ஆண்டு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு நேராக டிக் போட ஏதாவது தேடுவார். வேலைப் பட்டியலில் அவருக்கு டிக் போட எதுவும் கிடைக்காது.

ஆள் கணக்கு: உச்சமா, சராசரியா?

'300 பேரை நிர்வகித்தேன்' என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சைட்டில் 300 பேர் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு சூப்பர்வைசருக்குக் கீழே நேரடியாக 300 பேர் இருக்க மாட்டார்கள் என்பது படிப்பவருக்குத் தெரியும். சைட்டின் மொத்த ஆள், உங்கள் கீழ் இருந்த ஆள், இரண்டையும் பிரித்து எழுதுங்கள். உங்கள் எண்ணிலும் சராசரியை முதலிலும் உச்சத்தை அடுத்தும் வையுங்கள். நடுவில் எத்தனை ஃபோர்மேன் அல்லது மேஸ்திரி இருந்தார்கள் என்பதையும் சேர்த்தால், உங்கள் இடம் ஃபோர்மேனா சூப்பர்வைசரா என்ற சந்தேகமே வராது. வளைகுடாவில் இந்த இரண்டு பதவிகளுக்கும் சம்பளமும் விசா பதவிப் பெயரும் வேறு என்பதால் இந்த ஒரு வரி பணமாக மாறும்.

எந்தெந்தத் தொழில்காரர்கள்?

'எல்லா வேலையும் தெரியும்' என்பது வெளிநாட்டில் பலவீனமாகப் படும். அங்கே ஸ்ட்ரக்சர், ஃபினிஷிங், சிவில் உள்கட்டமைப்பு என்று சூப்பர்வைசரைப் பிரித்துத்தான் எடுப்பார்கள். ஆகவே உச்ச ஆள் எண்ணையே தொழில்வாரியாக உடைத்துக் காட்டுவது நல்லது. நம் உதாரணத்தின் 84 பேர்: ஷட்டரிங் கார்பென்டர் 30, கம்பி கட்டுபவர் 24, கான்கிரீட் கேங் 14, சாரம் கட்டுபவர் 6, ஹெல்பர் 10. கூட்டினால் சரியாக 84 வர வேண்டும். வராத ரெஸ்யூமேக்கள் நிறைய இருக்கின்றன, நேர்காணலில் முதலில் மாட்டுவதும் அங்கேதான்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். நம் ஊரில் சென்ட்ரிங் ஆள் என்று சொல்வதை அங்கே ஷட்டரிங் அல்லது ஃபார்ம்வொர்க் கார்பென்டர் என்பார்கள். கம்பி வேலைக்காரரை ஸ்டீல் ஃபிக்ஸர் என்பார்கள். 'சென்ட்ரிங்' என்று எழுதினால் தேடல் வடிகட்டியிலேயே விழுந்துவிடும். சதுர அடியும் அப்படித்தான். சதுர மீட்டராக மாற்ற 10.764 ஆல் வகுத்து எழுதுங்கள்.

பாதுகாப்பு: 'விதிகளைப் பின்பற்றினேன்' என்பதற்குப் பதில்

நான்கு தலைப்புகளில் மிக அதிகமாகக் கெட்டுப்போவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வேலைப் பட்டியல் ரெஸ்யூமேவில் பாதுகாப்பு ஒரு வாக்கியமாக முடிந்துவிடும். கணக்கு ரெஸ்யூமேவில் மூன்று பொருள்கள் வேண்டும்: எத்தனை மனித மணி, என்ன விபத்துப் பதிவு, எந்தெந்த பெர்மிட்டுக்கு நீங்கள் கையெழுத்திட்டீர்கள்.

மனித மணிக் கணக்கு எளிது. சராசரி ஆள் 60, நாளுக்கு 10 மணி, மாதம் 26 நாள், 12 மாதம்.

```
60 × 10 × 26 × 12 = 187,200
```

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 'பத்து லட்சம் மனித மணி, விபத்தே இல்லை' என்ற வரி பல ரெஸ்யூமேக்களில் காப்பி அடித்துப் போடப்படுகிறது. இந்த 60 பேர் மாதத்துக்கு 15,600 மணிதான் வேலை செய்கிறார்கள். பத்து லட்சத்தைத் தொட 64 மாதம், அதாவது ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். பன்னிரண்டு மாத ப்ராஜெக்ட்டுக்குக் கீழே இந்த வரியைப் பார்க்கும் பாதுகாப்பு மேலாளர், மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு மற்ற எண்களையும் நம்ப மாட்டார். முழு சைட்டின் மணி அது என்றால், முழு சைட்டின் கணக்கு என்றே எழுதிவிடுங்கள்.

விபத்து விகிதத்தை எழுதினால் அடிப்படையையும் எழுத வேண்டும். வேலை நாள் இழந்த ஒரு விபத்தை வளைகுடா கம்பெனிகள் பலவும் பயன்படுத்தும் பத்து லட்சம் மணி அடிப்படையில் கணக்கிட்டால் 5.3 வரும். அமெரிக்க ஓஷா முறையில் 2 லட்சம் மணி அடிப்படை. அதே விபத்துக்கு 1.07 தான் வரும்.

```
1 × 1,000,000 ÷ 187,200 = 5.3
1 ×   200,000 ÷ 187,200 = 1.07
```

அடிப்படை இல்லாமல் 5.3 என்று எழுதினால், அமெரிக்க முறையில் பழகியவருக்கு அது பயங்கரமான எண்ணாகத் தெரியும். ஆள் குறைவான சின்ன ப்ராஜெக்ட்டுக்கு விகிதமே வேண்டாம், மணியும் விபத்து எண்ணிக்கையும் போதும். நடந்த விபத்தை மறைக்கவும் வேண்டாம். என்ன நடந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதியவரிடம் நேர்காணலில் அதைப் பற்றியே கேட்பார்கள். அது அவருக்குப் பழக்கமான களம்.

பெர்மிட்டில், உயரத்தில் வேலை, தூக்கும் வேலை, தோண்டும் வேலை, வெல்டிங் போன்ற சூட்டு வேலை என்று எதற்கு நீங்கள் விண்ணப்பித்தீர்கள், எதைச் சரிபார்த்தீர்கள் என்று பிரியுங்கள். சிங்கப்பூரில் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்குப் பெர்மிட் கட்டாயம். ஆகவே தினமும் பெர்மிட் புத்தகத்தோடு வேலை செய்த ஆள் என்பது அங்கே பெரிய தகுதி.

சான்றிதழிலும் ஊருக்கு ஊர் மதிப்பு மாறும். நெபோஷ், ஐயோஷ், ஓஷா 30 மணிப் பயிற்சி ஆகியவை வளைகுடா ரெஸ்யூமேவின் மேல் பகுதியில் இடம்பெற வேண்டியவை. சிங்கப்பூருக்கு அந்த நாட்டின் சூப்பர்வைசர் பாதுகாப்புப் பயிற்சிதான் முதலில் பார்க்கப்படும். பழைய ஆட்கள் அதை பி.சி.எஸ்.எஸ். என்பார்கள். அதை ஏற்கெனவே முடித்திருந்தால் முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழேயே வையுங்கள். மொழி வரியும் அப்படியே. வளைகுடாவுக்கு இந்தி முதலில் வரட்டும். தமிழ்நாட்டு, பங்களாதேஷ் தொழிலாளர்கள் நிறைந்த சிங்கப்பூர் சைட்டுகளுக்குத் தமிழையே வேலைத் தகுதியாக எழுதலாம்.

பண மதிப்பு: யாருடைய எண்?

600 மில்லியன் மொத்த ஒப்பந்தம், 130 மில்லியன் உங்கள் பகுதி. முதல் எண்ணை மட்டும் எழுதுவது தூண்டுதல். அது நேர்காணலில் 'இந்த வேலைக்கு எத்தனை சூப்பர்வைசர்?' என்ற ஒரே கேள்வியில் உடையும். இரண்டாவதை மட்டும் எழுதினால் ப்ராஜெக்ட்டின் அளவு தெரியாது. இரண்டும் வேண்டும்.

கோடியும் லட்சமும் அங்கே புரியாது. ஒரு கோடி என்பது 10 மில்லியன். நாணயத்தை ரூபாயிலேயே வைத்து, பக்கத்தில் அன்றைய டாலர் மதிப்பைத் தோராயமாகக் கொடுங்கள். வளைகுடா நாணயத்தில் காட்ட விரும்பினால் டாலர் வழியாகப் போவது சுலபம்: சவுதி ரியால் 3.75, எமிரேட்ஸ் திர்ஹாம் 3.6725 என்று டாலரோடு கட்டப்பட்டவை. மதிப்பு உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். கான்கிரீட் அளவும் சதுர மீட்டரும் இருந்தால் படிப்பவரே மதிப்பிட்டுக்கொள்வார். பில் எதையும் பார்க்காத சூப்பர்வைசர்களுக்கு இதுதான் நேர்மையான வழி.

வேலைப் பட்டியல் ஜெயிக்கும் இடம்

எல்லா இடத்திலும் கணக்கு முறை சரிவராது. ஷட்டவுன், பராமரிப்பு வேலைகளில் மூன்று வாரத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் முடியும். ஒவ்வொன்றுக்கும் ஆறு வரி எழுதினால் ரெஸ்யூமே ஐந்து பக்கம் ஓடும். அங்கே வேலை வகைகளை ஒரு பட்டியலாகப் போட்டு, பெரியதாக இரண்டுக்கு மட்டும் எண்களைக் கொடுப்பது நல்லது. ஏஜென்சியின் ஆன்லைன் படிவத்திலும் 'பொறுப்புகள்' என்ற கட்டத்தில் பட்டியல்தான் கேட்கப்படும். அதில் ஷட்டரிங், ஸ்டீல் ஃபிக்ஸிங் போன்ற தேடல் சொற்களை நிரப்பிவிட்டு, கணக்கு ரெஸ்யூமேவைக் கோப்பாக இணைக்கலாம்.

கணக்கு முறையில் கடைசி மூன்று ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் முழு விவரம், அதற்கு முந்தையவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்று வைத்தால் இரண்டு பக்கத்தில் அடங்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கட்டும்: ஆள் கணக்குக்கு மஸ்டர் ரோல், கம்பிக்கு பார் பெண்டிங் ஷெட்யூல், ஸ்லாப் சுற்றுக்கு தினசரி ரிப்போர்ட். கம்பெனியின் ரகசியத் தாள்களை வெளியே எடுத்துப்போகக் கூடாது. வேலையில் இருக்கும்போதே மாதாமாதம் அந்த எண்களை உங்கள் சொந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சைட்டை விட்டு வந்து ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும்போதுதான் 60 பேர் 300 பேர் ஆகிறார்கள்.