“9000 லூமன்ஸ்” புரொஜெக்டர்: ஏமாறாதீங்க

வீட்டுக்குப் புரொஜெக்டர் தேடுறவங்க இதைப் படிச்சிட்டு வாங்குங்க. ஆன்லைனில் நான் வாங்கினதோட விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: 9000 லூமன்ஸ் வெளிச்சம், 1080p, 100 இன்ச் படம், பகலிலும் பளிச்சுனு தெரியும்.

பகலில் போட்டால் சுவரில் ஏதோ அசையுது, அவ்வளவுதான். திரைச்சீலையை இழுத்து மூடியும் இருட்டுக் காட்சிகளில் முகமே தெரியலை. விற்றவரைக் கூப்பிட்டால், “ரூமை இன்னும் இருட்டாக்குங்க சார்” என்கிறார்.

சரி, அளந்தே பார்த்துடலாம்னு ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, முழு வெள்ளைப் படம் ஓடவிட்டேன். போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, போனைச் சுவரோடு ஒட்டி, லென்ஸைப் பார்த்த மாதிரி பிடிக்கணும். படத்தை 3×3 கட்டமாகப் பிரித்து, ஒன்பது கட்டத்தின் நடுவிலும் எடுத்த அளவின் சராசரி 120 லக்ஸ் வந்தது. படத்தின் அகலம் 1.71 மீட்டர், உயரம் 0.96 மீட்டர், பரப்பு சுமார் 1.64 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமன் விழுதுங்கிறதுதான் லக்ஸ், அதனால் 120-ஐ 1.64-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 197 லூமன். போன் சென்சார் துல்லியமில்லைதான். ஆனால் நிஜமாகவே 9000 லூமன் இருந்தால் அந்தச் சுவரில் 5000 லக்ஸுக்கு மேல் காட்டியிருக்கணும்!

கேட்டதுக்கு, “அது லைட் சோர்ஸ் லூமன்ஸ் சார்” என்று பதில். உள்ளே இருக்கிற எல்.இ.டி. எவ்வளவு கக்கினால் எனக்கென்ன? லென்ஸைத் தாண்டிச் சுவருக்கு வருவதுதானே கணக்கு. ஆன்சி லூமன் அல்லது ஐ.எஸ்.ஓ. லூமன் என்று போட்டிருந்தால்தான் அது வெளியே வரும் ஒளி.

அறை எவ்வளவு இருட்டாக இருக்கணும்னும் இதிலேயே தெரிஞ்சிடும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. சுவரில் ஏற்கனவே விழும் வெளிச்சம்தான் படத்தின் கறுப்பு. சீலை இடுக்கு வழியாக 50 லக்ஸ் வந்தால், கறுப்பு 50, வெள்ளை 170. மூன்றரை மடங்குகூட வித்தியாசமில்லை, படம் வெளிறிப்போகும். அதே வெளிச்சம் 2 லக்ஸுக்கு இறங்கினால் அறுபது மடங்கு. அதாவது, இந்தப் பெட்டிக்கு ராத்திரி மட்டும்தான்.

1080p கதையும் அப்படித்தான். அந்த வீடியோவை வாங்கிக்கொள்ளும், காட்டுவது 1280×720. நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது பெட்டி நிஜமாகக் காட்டும் பிக்சல் எண்ணிக்கை, என்னன்னு கேளுங்க. சந்தேகமிருந்தால், ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் கறுப்புக் கோடு போட்ட 1920×1080 படத்தை, படத்தின் கோணலைச் சரிசெய்யும் கீஸ்டோனை அணைத்துவிட்டு ஓட்டுங்க. கோடுகள் தனித்தனியாகத் தெரியாமல் சாம்பல் பட்டையாகக் குழம்பினால் நேட்டிவ் இல்லை.

100 இன்ச் என்று போட்டிருந்ததும் தூரம் சொல்லாத வாக்குதான். சுவர் வரை உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது த்ரோ ரேஷியோ. இதுக்கு அது 1.4, எனக்கு ஷெல்ஃபிலிருந்து சுவர் 2.4 மீட்டர். 2.4-ஐ 1.4-ஆல் வகுத்தால் அகலம் 1.71 மீட்டர், அதாவது மூலைக்கு மூலை 77 இன்ச். 100 வேணும்னா 3.1 மீட்டர் தள்ளி வைக்கணும், அப்போ வெளிச்சம் இன்னும் குறைந்து 70 லக்ஸ் பக்கம் வந்துடும்.

“பெட்டி பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது” என்றுவிட்டார்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் லக்ஸ் அளவுகளையும் வைத்துப் புகார் போட்டிருக்கேன். நீங்க வாங்குவதானால் ஆன்சி லூமன், நேட்டிவ் ரெசல்யூஷன், த்ரோ ரேஷியோ மூன்றையும் சாட்டில் எழுத்தாகவே கேட்டு வாங்கி வைங்க.