கிளிநொச்சியில் ரைல்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு: பெட்டியில் உள்ள "ஆர் 9" பத்துக்கு ஒன்பது இல்லை

போன வைகாசியில் குசினிக்கும் பாத்ரூமுக்கும் மாபிள் பதித்தோம். (எங்கள் பக்கம் எந்த ரைல்ஸ் என்றாலும் மாபிள்தான்.) ஆவணியில் மாமி பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதே மாதம் குசினியில் காஸ் சிலிண்டரைக் கொஞ்சம் வேகமாக இறக்கி வைத்ததில் இரண்டு ரைல்ஸ் மூலைக்கு மூலை வெடித்தன. இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. கடை ஏ9 வீதியில் இருக்கிறது, பெயர் போடவில்லை. இந்தக் கதை நடக்க அந்தக் கடைதான் வேண்டும் என்றில்லை.

கடையில் நான் கேட்டது இரண்டே கேள்வி. வழுக்குமா? தண்ணீர் குடிக்குமா? விற்கிற பெடியன் சிரித்துக்கொண்டு, "அக்கா, ரெண்டும் பெர்ஸ்ட் குவாலிட்டி. பாத்ரூமுக்கு எடுக்கிறதில ஆர் 9 எண்டு போட்டிருக்கு, பாருங்கோ. பத்துக்கு ஒன்பது" என்றான். குசினிக்குக் காட்டியது மங்கலான சாம்பல் நிறம், விலையும் குறைவு. "இதையும் தரைக்குத்தான் எல்லாரும் கொண்டு போகினம்" என்றான். நானும் நம்பினேன். குசினிக்கு 9 பெட்டி, பாத்ரூமுக்கு 3 பெட்டி.

மாமி விழுந்த பிறகு, ரைல்ஸ் பதித்த மேசன் அண்ணையைக் கூப்பிட்டோம். அவர் முதலில் கேட்டது பெட்டிகளைத்தான். நல்ல காலம், கோழிக்குஞ்சு அடைக்க இரண்டு பெட்டியை எடுத்து வைத்திருந்தேன். குஞ்சுகளை வெளியே விட்டுவிட்டுப் பக்கவாட்டில் இருந்த சின்ன எழுத்துகளை வாசித்தோம்.

பாத்ரூம் பெட்டியில் ஆர் 9 என்று இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு 9இல்தான் தொடங்குகிறது, 13இல் முடிகிறது. 9க்குக் கீழே ஒன்றுமே இல்லை, அதாவது பெடியன் பெருமையாகச் சொன்னது வரிசையின் கடைசி. இது ஜெர்மன் பரிசோதனை முறை: எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் காலணி போட்ட ஒருவர் நடப்பார், தளத்தைச் சரித்துக்கொண்டே போவார்கள். 6 முதல் 10 பாகைக்குள் வழுக்கினால் ஆர் 9. 19 பாகையைத் தாண்டி 27 வரை தாங்கினால் ஆர் 11. பாத்ரூமில் யார் சப்பாத்துப் போட்டு நடக்கிறார்கள்? வெறுங்காலுக்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரில் செய்வது, ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. இங்கேயும் ஒரு பொறி: ஏ என்பது ஆகக் குறைந்தது, 12 பாகை. குளிக்கிற இடத்துக்கு பி வேண்டும், அது 18 பாகை. "ஏ கிரேட்" என்று கேட்டுப் பழகிய எங்கள் காதுக்கு ஏ என்றால் உசத்திதானே.

அப்படியென்றால் பெர்ஸ்ட் குவாலிட்டி என்பது பொய்யா? அதுவும் பொய்யில்லை, அதுதான் கோபம். அந்தத் தரம் கண்ணுக்குத் தெரிகிற குறைகளைப் பற்றியது. நூறு துண்டில் 95க்குக் குறையாமல் புள்ளி, கீறல், விளிம்பு உடைவு இல்லாமல் இருந்தால் முதல் தரம். கண்ணாடி மாதிரி வழுக்குகிற ரைல்ஸும் தாராளமாக முதல் தரமாக இருக்கலாம். எங்கள் பாத்ரூம் ரைல்ஸ் அப்படித்தான், ஒரு கீறல் இல்லை, தண்ணீரும் குடிக்காது, பளபளப்போ முகம் பார்க்கலாம். ஈரம் பட்டால் நிற்க முடியாது.

குசினிப் பெட்டி வேறு கதை. அங்கே ஆங்கில பி எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று நேர்கோடு. அதற்குக் கீழே, நீர் உறிஞ்சல் 10%க்கு மேல். அதாவது சுவர் ரைல்ஸ். தரைக்கு நல்லதென்றால் பிக்குப் பக்கத்தில் ஒரு கோடும் சின்ன ஏயும் இருக்கும், உறிஞ்சல் 0.5% அல்லது அதற்குக் குறைவு. அதைத்தான் போர்சலின் என்கிறோம். 7.5 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தடிப்பென்றால் போர்சலின் குறைந்தது 1300 நியூட்டன் பாரத்தைத் தாங்க வேண்டும், சுவர் ரைல்ஸுக்கு 600 போதும். சிலிண்டர் இறங்கிய இடம் வெடித்ததில் என்ன அதிசயம்?

பெட்டியில் வாசித்தும் எனக்கு மனம் ஆறவில்லை. மிச்சம் இருந்த துண்டுகளில் வகைக்கு ஒன்றை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்தேன். இரண்டும் 30க்கு 60 சென்ரிமீற்றர், ஒரே தடிப்பு. குசினித் துண்டு 2,700 கிராம், பாத்ரூம் துண்டு 3,500. கையில் தூக்கும்போதே வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், நான் அப்போது நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் போட்டு, துடைத்துத் திரும்ப நிறுத்தால் குசினித் துண்டு 3,060. குடித்தது 360 கிராம், 2,700ஆல் பிரித்தால் 13%க்கு மேல். பாத்ரூம் துண்டு 10 கிராம்தான் கூடியது. ஆய்வுகூடத்தில் காற்றை உறிஞ்சிவிட்டு ஊறவைப்பார்கள், அதனால் வீட்டுக் கணக்கு குறைவாகத்தான் காட்டும். ஆகவே, குறைவாக வந்தால் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. இப்படி 13 வந்தால் சந்தேகமே வேண்டாம். கடையில் தராசு இல்லாவிட்டாலும் துண்டைத் திருப்பி, மினுக்கில்லாத பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுவர் ரைல்ஸ் என்றால் கண் முன்னாலேயே குடித்துவிடும்.

பெட்டியோடு கடைக்குப் போனோம். "பதிச்ச சாமானை எப்பிடி எடுக்கிறது?" என்றார் முதலாளி. பில்லில் "ரைல்ஸ் 12 பெட்டி" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம் என்று தம்பி சொன்னான். தரை ரைல்ஸ் என்று சொல்லி விற்றார்கள் என்பதற்கு என் கையில் ஒரு எழுத்தும் இல்லையே.

பாத்ரூமை உடைத்து மாற்றிவிட்டோம். இந்த முறை 30க்கு 30, ஆர் 11, வெறுங்கால் வகுப்பு பி. துண்டு சின்னதென்றால் இடைவெளிக் கோடு கூட, கால் பிடிக்கும், தண்ணீர் ஓடச் சரிவு எடுக்கவும் சுகம். இன்னும் முரடாக ஆர் 12 எடுப்போமா என்று கேட்டேன், மேசன் அண்ணை வேண்டாம் என்றார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீர், சொரசொரப்புக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்தால் தேய்த்துத் தேய்த்தே கை போய்விடுமாம். குசினிக்கும் அதே நியாயம், எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே இருந்துவிடும். மங்கல் போர்சலினில் ஆர் 10 அங்கே போதும் என்கிறார்.

பில்லில் இந்த முறை "தரைப் போர்சலின், உறிஞ்சல் 0.5%, ஆர் 11, வெறுங்கால் பி" என்று எழுதச் சொன்னேன். புதுக் கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் எழுதித் தந்தார். குசினியை மாற்ற இப்போது காசில்லை. சிலிண்டரைப் பலகைத் துண்டொன்றின்மேல் வைத்திருக்கிறேன், வெடித்த கோட்டுக்குள் மஞ்சள் இறங்கி நிற்கிறது.