ஆண்டு விழா மலர் ‘இலவசம்’ என்று வரும் ஏஜென்ட்டுகளிடம் கவனம்

பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அலுவலகத்துக்கு ஒருவர் வருவார். கையில் வழவழ தாளில் அச்சான பழைய மலர்கள் நாலைந்து இருக்கும். “மலருக்கு நீங்க ஒரு பைசா போட வேண்டாம் சார். விளம்பரம் நாங்களே பிடிச்சுக்கறோம், புக்கு அடிச்சுக் கையில கொடுத்துடறோம், வசூல்ல இருபது பர்சென்ட் ஸ்கூலுக்கு” என்பார். தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் இது பெரிய சுமை இறங்கிய மாதிரி இருக்கும். எங்கள் மாவட்டத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி இப்படித்தான் ஏமாந்தது. மலர் வேலை தெரிந்த நாங்கள் சிலர் விழாவுக்குப் பிறகு புத்தகத்தையும் ரசீதுகளையும் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். ஆளின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் மாறினாலும் முறை மாறாது, அதனால் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேசியது இதுதான். ஏ4 அளவில் 800 பிரதி. உள்ளே 64 பக்கம், 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். அட்டை 300 ஜிஎஸ்எம், நடுவில் பின். 28 பக்கம் பள்ளிச் செய்திக்கு, 36 பக்கமும் அட்டையின் மூன்று பக்கங்களும் விளம்பரத்துக்கு. பள்ளியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இவருக்கு விளம்பரம் தந்து ஆதரிக்கவும்” என்று லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் கடைசித் தேதி இல்லை, விளம்பரக் கட்டணம் இல்லை, பணம் யார் பேரில் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. ரசீதுப் புத்தகம் அவரே அடித்துக்கொண்டது. அதில் பள்ளியின் பெயர் பெரிதாக இருந்தது, எண் வரிசையை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

விழா முடிந்ததும் மொத்த வசூல் 92,000 ரூபாய் என்று கணக்குக் கொடுத்து, 18,400 ரூபாயைப் பள்ளியில் கட்டினார். இது சரியா என்று பார்க்க எந்தக் கடைக்கும் போக வேண்டாம், கையில் இருக்கும் மலரே போதும். பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணினால் முழுப் பக்க விளம்பரம் 20, அரைப் பக்கம் 32. அவர் கடைகளில் சொன்ன விலை முழுப் பக்கத்துக்கு 3,000, அரைப் பக்கத்துக்கு 1,750. ஆக உள்பக்கங்கள் மட்டும் 1,16,000. உள் அட்டை இரண்டும் தலா 8,000, பின் அட்டை 15,000. எல்லாம் சேர்ந்தால் 1,47,000 ரூபாய். பள்ளிக்கு வரவேண்டிய பங்கு 29,400. அச்சானதில் மட்டும் இவ்வளவு வித்தியாசம். பணம் வாங்கிவிட்டு விளம்பரமே போடாமல் விட்ட கடைகள் தனி. அவர்கள் “எங்க விளம்பரம் வந்த புக்கு எங்கே” என்று பள்ளிக்கு வந்து கேட்ட பிறகுதான் அது தெரிந்தது. ஒரே எண்ணுள்ள ரசீது இரண்டு கடைகளில் இருந்ததும் அப்போதுதான் வெளிப்பட்டது.

பின் அட்டை விஷயம்தான் எல்லோரையும் அதிரவைத்தது. ஒரு நகைக்கடையிடம் இருந்த பிரதியில் பின் அட்டை முழுக்க அவர்கள் விளம்பரம். நாலு கடை தள்ளி இருக்கும் ஜவுளிக்கடையின் பிரதியில் அதே இடத்தில் இவர்கள் விளம்பரம். இரண்டிலும் உள்பக்கங்கள் ஒன்றுதான். ஆஃப்செட்டில் அட்டையை மாற்ற வேண்டுமென்றால் புது பிளேட் போட வேண்டும், பத்துப் பிரதிக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் டிஜிட்டல் பிரிண்டில் பத்து அட்டை மட்டும் தனியாக எடுப்பது அரை மணி நேர வேலை. விளம்பரதாரருக்குத் தரும் வவுச்சர் காப்பிக்கு ஓர் அட்டை, பொதுப் பிரதிகளுக்கு இன்னோர் அட்டை. அதனால் வவுச்சர் காப்பி சரியாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போன பிரதி ஒன்றை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாளிலும் இதே கதை. வவுச்சர் காப்பிகள் கனமாக, நிமிர்ந்து நின்றன. பிள்ளைகளுக்குக் கொடுத்தவை துவண்டன. ‘கொஞ்சம் மெலிசா இருக்கு’ என்று சொன்னால் “எல்லாம் 130 தான் சார், லாட்டுக்கு லாட்டு வித்தியாசம் வரும்” என்று மழுப்பிவிடலாம். எடைக்கு முன்னால் மழுப்ப முடியாது. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஜிஎஸ்எம் என்பதே ஒரு சதுர மீட்டரின் கிராம் எடைதான். ஆகவே 130 ஜிஎஸ்எம் தாள் பதினாறு, 130 கிராம் இருக்க வேண்டும். 64 பக்கம் என்றால் 32 தாள், 260 கிராம். 300 ஜிஎஸ்எம் அட்டை இரண்டு தாளுக்குச் சமம், ஏறக்குறைய 38 கிராம். மொத்தம் 300 கிராமை ஒட்டி வரவேண்டும். மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது பொதுப் பிரதி 210 கிராம்தான் காட்டியது. உள்தாள் 90 ஜிஎஸ்எம், அட்டை 220 என்று போட்டால் கிட்டத்தட்ட இந்த எடைதான் வரும். பத்துப் பதினைந்து கிராம் முன்பின் இருப்பது இயல்பு. தொண்ணூறு கிராம் குறைவதற்கு வேறு காரணம் கிடையாது.

எண்ணிக்கையையும் இதே தராசிலேயே பிடிக்கலாம். பத்துப் புத்தகத்தை எடை போட்டு ஒன்றின் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டைப் பிரிக்காமல் நிறுத்தால், உள்ளே எத்தனை என்று தெரிந்துவிடும். மேலே 50 என்று ஸ்டிக்கர் ஒட்டிய கட்டில் 38 இருந்த கதை இங்கே நடந்தது.

பணத்தைவிட வலித்தது நிகழ்ச்சி நிரலும் நடித்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும்தான். தமிழ்த்தாய் வாழ்த்திலிருந்து நாட்டுப்பண் வரைக்கும் வரிசை ஒத்திகை நாள் வரை மாறிக்கொண்டேதான் இருக்கும். பரிசளிப்பு முன்னே வரும், யுகேஜி நடனம் சீக்கிரம் முடியவேண்டும் என்று மேலே ஏறும். இது தெரிந்தவர்கள் நிரலையும் பெயர்ப் பட்டியலையும் புத்தகத்தின் நட்டநடுவில் வைப்பார்கள். நடுப்பின் போடும் 64 பக்கப் புத்தகத்தில், கூட்டினால் 65 வரும் இரண்டு பக்கங்கள் ஒரே தாளின் ஒரே முகத்தில் அமையும். 32-ம் 33-ம் ஜோடி, அதன் பின்புறம் 31-ம் 34-ம். இந்த நாலு பக்கத்தையும் பள்ளிச் செய்திக்கே வைத்து, தனித் தாளாக, கடைசியாக அச்சுக்கு அனுப்பினால் மற்றதெல்லாம் முன்பே அடித்துத் தயாராக இருக்கும். பட்டியல் நீளமென்றால் 29 முதல் 36 வரை எட்டுப் பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

ஏஜென்ட் நிரலை 5, 6-ம் பக்கங்களில் போட்டார். அவற்றின் ஜோடி 60-ம் 59-ம், இரண்டும் பணம் வாங்கிய விளம்பரங்கள். திருத்தம் கொடுத்தபோது “பிளேட் போட்டாச்சு மேடம், இனி மாத்தினா அந்த ஃபாரமே போச்சு” என்றார். அது உண்மைதான், ஆனால் அப்படி ஆகும்படி பக்கம் பிரித்தவரும் அவர்தான். மேடையில் நாலாவதாக நடந்தது மலரில் ஒன்பதாவதாக இருந்தது. ஒரு நாடகத்தின் பட்டியல் முழுதாகவே விட்டுப்போனது, 22 பிள்ளைகளின் பெயர்கள்.

இருந்த பெயர்களும் சிதைந்திருந்தன. வகுப்பாசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது யூனிகோட் எழுத்து. டிடிபி செய்தவர் பழைய பேஜ்மேக்கரில் பாமினி வகை எழுத்துருவுக்கு மாற்றிப் போட்டிருக்கிறார். யூனிகோடில் ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகத் தட்டலாம், ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். மாற்றும் மென்பொருளுக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் மற்றது விழுந்துவிடும். அப்படித்தான் ஸ்ரீநிதி வெறும் நிதியானாள், ஜெயஸ்ரீ ஜெய என்று நின்றாள். ஐந்து வயதுக் குழந்தையின் பெயர் முதல்முறை அச்சில் வருகிறது, அந்தப் பக்கத்தை வீட்டில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். ப்ரூஃப் பார்க்கும்போது ஸ்ரீ, க்ஷ, ஷ, ஜ வரும் பெயர்களை மட்டுமாவது தனியாக ஓட்டிப் பாருங்கள். போனில் வரும் ஜேபிஜி படத்தைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டாம். பிளேட் போடப்போகும் அதே பிடிஎஃப்பைத் தாளில் எடுத்து, அந்தந்த வகுப்பாசிரியரே அவரவர் பட்டியலில் கையெழுத்துப் போடட்டும்.

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். ‘இலவச’ மலரில் பணம் முதலில் ஏஜென்ட் கைக்குப் போகிறது. பாக்கி என்று பள்ளியிடம் எதுவும் இல்லை, நிறுத்திவைத்துக் கேட்க வழியும் இல்லை. ஏஜென்ட்டை வைத்து விளம்பரம் பிடிப்பது தவறில்லை, அவருக்குக் கமிஷன் கொடுங்கள். ஆனால் ரசீதுப் புத்தகம் பள்ளியுடையதாக, வரிசை எண்ணோடு, எத்தனை புத்தகம் கொடுத்தோம் என்ற பதிவோடு இருக்கட்டும். காசோலையோ க்யூஆர் கோடோ, பணம் பள்ளி அல்லது கழகத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் வரட்டும். கடிதத்திலேயே கட்டணப் பட்டியல், கடைசித் தேதி, “ரொக்கம் தர வேண்டாம்” என்ற வரி, பள்ளியின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். அச்சு வேலையை நேரடியாக பிரஸ்ஸிடம் கொடுத்து, தாளின் ஜிஎஸ்எம்மையும் பிரதி எண்ணிக்கையையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். பாதி முன்பணம், மீதி எடையும் எண்ணிக்கையும் பார்த்த பிறகு.

ஏற்கெனவே கடிதம் கொடுத்துவிட்ட பள்ளிகள் மலர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதுவரை வசூலித்த ரசீதுகளின் அடிக்கட்டையை இன்றே கேளுங்கள். தர இழுத்தடித்தால் பழைய கடிதம் ரத்து என்று தேதியிட்ட புதுக் கடிதம் எழுதி, கடைத்தெருவில் நேரில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் பெறுங்கள். வணிகர் சங்கத்துக்கும் ஒரு நகல் போகட்டும். பணம் கொடுத்த கடைக்காரர்களிடம் ரசீதைப் படமெடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டி வந்தால், ஒரே எண்ணுள்ள இரண்டு ரசீதுகளும் பின் அட்டை மாறிய இரண்டு பிரதிகளும்தான் முதலில் கேட்கப்படும்.