போர்டில் தொட்டால் லேப்டாப்பில் நகர்கிறதா? ஃப்ரேம் மாற்றப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். அரையாண்டு விடுமுறை முடிந்து வகுப்பு டச் போர்டுக்குப் புது லேப்டாப் மாட்டினார்கள். அன்றிலிருந்து போர்டில் எங்கே தொட்டாலும், அம்புக்குறி லேப்டாப் திரையில்தான் நகர்ந்தது. பேனாவும் அப்படியே.

புதுச்சேரியிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தார். லேப்டாப்பில் `Calibrate` அழுத்தினார். கூட்டல் குறிகள் லேப்டாப் திரையில் தோன்ற, அவரோ போர்டில் உத்தேசமாக அந்த இடங்களைத் தொட்டுக்கொண்டே போனார். முடித்தபோது கோடு இன்னும் கோணலானது. "டச் ஃப்ரேம் போயிடுச்சு டீச்சர், மாத்தணும்" என்று 18,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் நீட்டினார். வந்து போனதற்கு 1,500 தனி.

போர்டைச் சுற்றியிருந்து விரல் எங்கே தொடுகிறது என்று கண்டுபிடிக்கும் சட்டம்தான் ஃப்ரேம். அது பழுதே இல்லை. அவர் `Calibrate` செய்வதற்கு முன்பு, போர்டின் கீழ் இடது மூலையைத் தொட்டால் லேப்டாப்பின் கீழ் இடது மூலைக்கு அம்புக்குறி சரியாகப் போனது. அப்படியென்றால் ஃப்ரேம் விரலைச் சரியாகத்தான் கண்டுபிடிக்கிறது. விண்டோஸ்தான் அதை எந்தத் திரையோடு சேர்ப்பது என்று தெரியாமல் லேப்டாப்போடு சேர்த்துவிட்டது. இரண்டு திரையும் தனித்தனிப் படம் காட்டும் `Extend` நிலையில் இருக்கும்போது இது நடக்கும். விண்டோஸ் பட்டனோடு P அழுத்தி `Duplicate` வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே படம் வந்து டச் சரியாகிவிட்டால் ஃப்ரேம் நல்லாயிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, வந்தவர் செய்யவில்லை.

எங்கள் கம்ப்யூட்டர் சார்தான் சரிசெய்தார். முதலில் `Control Panel` போய் `Tablet PC Settings` திறந்து, அந்த ஆள் செய்த கோணலை `Reset` அழுத்தி நீக்கினார். மறுபடி `Extend` வைத்து `Setup` அழுத்தினார். பேனாவா, தொடுதலா என்று கேட்டது, தொடுதலைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளைத் திரையில் ஒரு வாசகம் லேப்டாப்பில் வந்தது. அங்கே தொடாமல் `Enter` அழுத்தினால் வாசகம் போர்டுக்குப் போகும், அப்போது போர்டைத் தொட வேண்டும். அவ்வளவுதான், விரல் சரியானது.

பேனா மட்டும் இன்னும் லேப்டாப்பிலேயே நின்றது. எங்கள் போர்டின் பேனாவை விண்டோஸ் தனிக் கருவியாகப் பார்க்கிறது, அதனால் `Setup` மறுபடி அழுத்திப் பேனாவுக்கும் அதையே செய்தார். இதை விட்டுவிட்டால் "பேனா போச்சு" என்று அதற்கும் தனி பில் வந்திருக்கும். யூஎஸ்பி கேபிளை வேறு துளையில் மாற்றினாலும் இந்தச் சேர்க்கை கலைந்துபோகலாம், அப்போதும் இதே வேலைதான்.

`Calibrate` தேவைப்படுவது வேறு சமயத்தில்: அம்புக்குறி போர்டிலேயே வருகிறது, ஆனால் விரலிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்றால். அதையும் `Tablet PC Settings`-இல் உள்ள `Display` பட்டியலில் போர்டைத் தேர்ந்தெடுத்த பிறகே செய்ய வேண்டும். ஃப்ரேம் பழுதாகியிருந்தால் ஒரு பட்டை முழுக்கத் தொடுதலே ஏறாது, அங்கே மட்டும் கோடு அறுபடும். அப்போதும் ஓரத்துத் தூசியைத் துடைத்து, ஜன்னல் வெயிலை மறைத்துப் பார்த்த பிறகுதான் கொட்டேஷன் கேளுங்கள்.

1,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டோம். "விசிட் சார்ஜ் விசிட் சார்ஜ்தான்" என்று போனை வைத்துவிட்டார்கள்.