ஒரு வரி தள்ளிப்போன விலைகள்: கேட்லாக்கை எக்செல்லில் ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

சப்ளையரின் கேட்லாக் பிடிஎஃப்பைக் கொடுத்தால் பொருள் குறியீடு, விவரம், விலை மூன்றையும் எக்செல்லில் ஏற்றித் தருவோம், ஒவ்வொரு வரியையும் ஆள் வைத்துச் சரிபார்ப்போம் என்று சொன்ன ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தேன். வந்த கோப்பை வைத்துத்தான் எங்கள் விலைப்பட்டியல் போனது. பிறகு ஒரு வாடிக்கையாளர், கதவுக் கீல்களில் ஒரே ஒரு குறியீட்டை மட்டும் பெட்டி பெட்டியாகக் கேட்டார். அந்தக் கீல் அதைவிடச் சிறிய கீலைக் காட்டிலும் மலிவாக எங்கள் பட்டியலில் நின்றது. அவர் கேட்டதில் என்ன தப்பு?

கேட்லாக்கின் அந்தப் பக்கத்தைத் திறந்து, கோப்போடு வரி வரியாக வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் 4410 முதல் 4421 வரை பன்னிரண்டு குறியீடுகள். ஐந்தாவது வரி முடிந்ததும் ஒரு பெரிய படம், அதன் கீழே வலது ஓரத்தில் "படம் 14" என்று ஒரு குறிப்பு. படத்துக்குப் பிறகு மீதி ஏழு வரிகள். கடைசி இரண்டு குறியீடுகள், 4420-ம் 4421-ம், நிறத்தில் மட்டும் வேறு. அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலையை, இரண்டு வரிகளுக்கும் நடுவில் அச்சிட்டிருந்தார்கள்.

ஆகக் குறியீடுகள் பன்னிரண்டு, அச்சில் இருக்கும் விலைகள் பதினொன்று. ஆனால் எனக்கு வந்த கோப்பில் விலையும் பன்னிரண்டு! கூடுதலாக வந்தது எது என்றால், படக்குறிப்பில் இருந்த அந்த 14. அது விலைப் பத்திக்கு நேர் கீழே அச்சாகியிருந்ததால், மென்பொருள் அதையும் விலை என்று எடுத்துக்கொண்டது. 4415-க்கு 18.90 இருக்க வேண்டிய இடத்தில் 14.00 உட்கார்ந்துவிட்டது. 4415-இன் 18.90, 4416-க்குப் போனது. 4416-இன் 20.40, 4417-க்கு. இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளி, 4420-க்கு 4419-இன் விலை வந்தது. கடைசி 4421-க்கு மட்டும் அந்தப் பொது விலை வந்து சேர்ந்தது, அதாவது சரியான விலை.

கவனியுங்கள்: பக்கத்தின் முதல் வரி சரி, கடைசி வரி சரி, எண்ணிக்கை சரி. நடுவில் ஆறு வரிகள் தப்பு. அவர்கள் கோப்போடு அனுப்பிய "சரிபார்ப்பு அறிக்கை"யில் இருந்ததும் இந்த மூன்று சோதனைகள்தான். ஒவ்வொரு வரியையும் ஒரு மனிதர் பார்த்திருந்தால், படக்குறிப்பின் எண் விலையாக நிற்பதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. போதாக்குறைக்கு, விலைப் பத்தி முழுவதையும் இரண்டு தசமத்துக்கு மாற்றியிருந்தார்கள். வெறும் 14 என்று விட்டிருந்தாலாவது 17.60-க்கும் 18.90-க்கும் நடுவில் அது கண்ணை உறுத்தியிருக்கும்.

இது ஏன் நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் கண்ணுக்கு அட்டவணையாகத் தெரிவது, பெரும்பாலான பிடிஎஃப்களுக்குள் அட்டவணையாக இருப்பதில்லை. இந்த எழுத்து, பக்கத்தில் இந்த இடத்தில் என்ற குறிப்புகள்தான் உள்ளே இருக்கின்றன. 4415-க்கும் 18.90-க்கும் உறவு உண்டு என்று எங்கும் எழுதியிருக்காது. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். பத்தி பத்தியாக உருவி, குறியீட்டுப் பத்தியையும் விலைப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அந்த உயரம் தொலைந்துபோகிறது. படமே இல்லாத பக்கங்களில் இந்தக் குறுக்குவழி தப்பித்துவிடும். படம் குறுக்கே வந்த பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

உயரத்தை விடாமல் பிடித்தால் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படிக்க முடியும் என்பதைக் காட்ட, எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, பிடிஎஃப்பைப் படிக்கும் pdfplumber என்ற பைதான் நூலகத்தை வைத்து எழுதிக் கொடுத்தது இது:

```python
import pdfplumber

with pdfplumber.open("catalogue.pdf") as pdf:
    words = pdf.pages[22].extract_words()

codes = [w for w in words
         if w["x0"] < 90 and w["text"].isdigit()]
for c in codes:
    row = [w["text"] for w in words
           if abs(w["bottom"] - c["bottom"]) < 3]
    print(" | ".join(row))
```

pdfplumber பக்கங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதனால் 22 என்பது 23-ஆம் பக்கம். இடது ஓரத்தில் இருக்கும் எண்களைக் குறியீடுகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழ் விளிம்புக்கு மூன்று புள்ளிக்குள் தங்கள் கீழ் விளிம்பு நிற்கும் சொற்களை மட்டும் அந்த வரியில் சேர்க்கிறது. ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி. அந்த 90-ம் 3-ம் எங்கள் கேட்லாக்கின் அமைப்புக்குப் பொருந்தியவை. வேறு கேட்லாக்குக்கு மாற்ற வேண்டியிருக்கும். "படம் 14" இருக்கும் உயரத்தில் குறியீடு எதுவும் இல்லாததால் அது எந்த வரியிலும் ஒட்டவில்லை. 4420, 4421 இரண்டுக்கும் விலை வரவே இல்லை, ஏனென்றால் அந்த விலை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அப்படி வெறுமையாக வருவதே நல்லது, எங்கே ஆள் பார்க்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. தப்பான விலை அப்படிக் காட்டிக்கொடுக்காது.

இதுவும் எல்லாவற்றுக்கும் உதவாது. விவரம் இரண்டு வரிக்கு மடங்கினால் இரண்டாவது வரி விட்டுப்போகும். அதைப் பிடிக்க, ஒரு குறியீட்டிலிருந்து அடுத்த குறியீடு வரை உள்ளதை எல்லாம் சேர்த்தால், நடுவில் படம் வரும் இடத்தில் படக்குறிப்பும் உள்ளே வந்துவிடும், page.images தரும் படங்களின் இருப்பிடத்தை வைத்து அங்கே வெட்டிவிட வேண்டும். குறியீடே படத்துக்குள் வரையப்பட்டிருந்தால் இந்த வழி பலிக்காது. சுட்டியால் அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் அல்லது தட்டச்சுதான் கதி.

நிறுவனத்திடம் கேட்டதற்கு முதலில் வந்த பதில், "உங்கள் பிடிஎஃப் சரியில்லை" என்பது. 23-ஆம் பக்கத்தைச் சுட்டிக்காட்டிய பிறகு "திருத்திய கோப்பு" ஒன்று வந்தது. அந்த 14-ஐ அழித்துவிட்டு மீதியை ஒரு வரி மேலே ஏற்றியிருந்தார்கள். 4421-க்கு விலை இல்லாமல் போயிருந்தது. அதைவிட மோசம், நான் சுட்டிக்காட்டிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் தொட்டிருந்தார்கள். குறுக்கே படம் வரும் மற்ற பக்கங்களில் படத்துக்கு அடுத்த வரியைப் பார்த்தால், அங்கேயும் படத்தின் எண் விலையாக நின்றது. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள், வேலை முடிந்துவிட்டதாம். கோப்பு வந்தால் வேலை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு.

இந்த மாதிரி வேலையை வெளியே கொடுக்கப் போகிறவர்கள், மொத்தக் கேட்லாக்கையும் கொடுக்கும் முன் ஒரே ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். நடுவில் படம் இருக்கட்டும், இரண்டு குறியீடுகளுக்குப் பொது விலை ஒன்றாவது இருக்கட்டும். வரும் கோப்பில் படத்துக்கு அடுத்த வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். முதல் வரியைப் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம். அளவு கூடக்கூட விலை ஏறும் பொருள்களில், திடீரென்று விலை இறங்கும் இடத்தை வடிகட்டி எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கேட்லாக்கின் பக்க எண் ஒரு தனிப் பத்தியில் வர வேண்டும், விலை உறுதியாகத் தெரியாத இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொள்ளாதவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.