ரீஜென் லெவல் 3-ஆ, லெவல் 0-ஆ? மலை இறங்கிப் பார்த்துட்டு சொல்றேன்

எலக்ட்ரிக் கார் எடுத்த புதுசுல ஸ்டியரிங் பின்னாடி இருக்குற ரெண்டு பேடில் ஸ்விட்சும் எதுக்குன்னே தெரியாம ஓட்டிட்டு இருந்தேன், அப்புறம்தான் அது ரீஜென் லெவலை, அதாவது மோட்டாரே வண்டியைப் பிடிச்சு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற அளவை, ஏத்தி இறக்குறதுக்குன்னு புரிஞ்சது. இப்போ நான் லெவல் 3 ஆள். வீட்டுக்காரர் லெவல் 0. ரெண்டு பேரும் ஒரே வண்டியைத்தான் ஓட்டுறோம், அதனால வித்தியாசம் நல்லாவே தெரியுது.

லெவல் 0-ல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி நியூட்ரல்ல போற மாதிரி உருண்டுக்கிட்டே போகும். லெவல் 3-ல காலை எடுத்த உடனே பின்னாடி யாரோ கயிறு கட்டி இழுக்குற மாதிரி வேகம் குறையும். சைக்கிள்ல டைனமோவை டயர்ல சாய்ச்சா பெடல் கனக்குமே, அதேதான். சக்கரம் மோட்டாரைச் சுத்துது, மோட்டார் ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்கு கரண்ட் அனுப்புது, அந்த கனம்தான் பிரேக்.

டவுன் கணக்கை முதல்ல பார்ப்போம். 1,500 கிலோ வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துல வந்து சிக்னல்ல நிக்குதுன்னா அதுகிட்ட இருக்குற சக்தி சுமார் 0.04 யூனிட். பிரேக் பேடு பிடிச்சா அவ்வளவும் சூடாப் போயிடும். ரீஜென் பிடிச்சா அதுல ஒரு 0.025 யூனிட் திரும்பி வரும். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர்னு வெச்சா 170 மீட்டர் ஓட்டம். கம்மியாத் தெரியும், ஆனா 30 தடவை நின்னு கிளம்பினா 5 கிலோமீட்டர். ரேஞ்ச் கூடுதுன்னு சொல்றது இதைத்தான், புதுசா சக்தி எதுவும் உருவாகல, சூடாப் போக வேண்டியது பேட்டரிக்குத் திரும்பிப் போகுது.

ஆனா எனக்கு முடிவு பண்ணிக் கொடுத்தது குன்னூர் மலைதான். நாலு பேர், லக்கேஜ் எல்லாம் சேர்த்து 1,700 கிலோன்னு வெச்சுக்கோங்க, குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,500 மீட்டர் இறக்கம், அந்த உயரத்துல மட்டும் கிட்டத்தட்ட 7 யூனிட் இருக்கு. டயர் உராய்வுக்கும் காத்துக்கும் ஒரு 2 யூனிட் போயிடும். மீதி 5 யூனிட்டை ஏதாவது ஒண்ணு வாங்கித்தான் ஆகணும், ஒண்ணு பிரேக் டிஸ்க், இல்லேன்னா பேட்டரி. லெவல் 3-ல நான் குன்னூர்ல 52 சதவீதத்தோட கிளம்பினேன், பர்லியார் தாண்டும்போது நம்பர் ஏறிக்கிட்டே இருந்தது, மேட்டுப்பாளையத்துல 60. பேட்டரி 40 யூனிட், அப்போ 3 யூனிட்டுக்கு மேல திரும்பி வந்திருக்கு. பிரேக் பெடலைத் தொட்டது கொண்டை ஊசி வளைவுலயும் பஸ் எதிர்ல வந்தப்பவும்தான். கீழ நிறுத்தி வீல் பக்கத்துல கையை வெச்சுப் பார்த்தேன், வாசனையும் இல்ல, அனலும் இல்ல.

இன்னொரு தடவை ஊட்டில தங்கின இடத்துல சார்ஜர் இருந்துச்சுன்னு ஆசைப்பட்டு ராத்திரி 100 வரைக்கும் ஏத்திட்டேன். காலைல இறங்க ஆரம்பிச்சா லெவல் 3 போட்டும் வண்டி பிடிக்கவே இல்ல. பேட்டரி நிறைஞ்சிருந்தா கரண்டை எங்க கொண்டுபோய் வைக்கிறது? ரீஜென் தானா குறைஞ்சிடும், சுமை முழுக்க பிரேக் பேடு மேலதான். குன்னூர் வர்றதுக்குள்ள கருகுற வாசனை வந்து ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்னோம். இப்போ மலைமேல 80-க்கு மேல ஏத்துறதே இல்ல. டாஷ்ல பவர் மீட்டர் சார்ஜ் பக்கம் போகாம ஒட்டிக்கிட்டு நின்னா அதுதான் அறிகுறி, வேகத்தை அப்பவே குறைச்சிடணும்.

அப்போ லெவல் 0 வேஸ்டான்னு கேட்டா, இல்ல. சேலம் ஹைவேல வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. சக்கரத்துல இருந்து பேட்டரிக்குப் போய், மறுபடி சக்கரத்துக்கு வர்றதுக்குள்ள மூணுல ஒரு பங்கு தொலைஞ்சிடும். டோல்கேட் தூரத்துல தெரியும்போதே காலை எடுத்து உருட்டி விட்டா அந்த நஷ்டமே கிடையாது. நிக்க வேண்டியதில்லாத ரோட்டுல ரீஜென் பிடிச்சுப் பிடிச்சு மறுபடி மிதிக்கிறது வீண்தான், அங்க நானும் 0 இல்ல 1-க்கு இறக்கிடுவேன்.

ஒண்ணு சொல்லணும், சில கார்ல பிரேக் பெடலை மெதுவா மிதிச்சாலே முதல்ல ரீஜென்தான் வேலை செய்யும், பேடு அப்புறம்தான் சேரும். அந்த வண்டிகள்ல லெவல் 0-லயும் பெருசா நஷ்டம் இருக்காதுன்னுதான் நினைக்கிறேன், ஆனா நான் ஓட்டினது எங்க வண்டி மட்டும்தான். மழைல மலை இறங்கின அனுபவமும் ஒரே தடவைதான், ரீஜென் மோட்டார் இருக்குற சக்கரத்தை மட்டும்தான் பிடிக்குங்கிறதால ஈர ரோட்டுல வழுக்கிடுமோன்னு லெவல் 2-ல வந்தேன், பிரச்சனை எதுவும் வரல.

லெவல் 3-லயே ஓட்டுறவங்க வாரத்துல ஒரு நாள் லெவல் 0 போட்டு, காலி ரோட்டுல நாலஞ்சு தடவை நல்லா பிரேக் மிதிங்க. பேடு பயன்படாமலே கிடந்தா டிஸ்க்ல துரு படியும், மழைக்காலத்துல இன்னும் சீக்கிரம். எங்க வண்டில காலைல முதல் மிதில கரகரன்னு சத்தம் வந்தப்புறம்தான் இதைப் பழகினோம்.