46 பக்கப் பேச்சை ஒரு பக்கமாக்க மூன்று வழிகள்: எது நடுவில் பேசியவரைக் காப்பாற்றுகிறது?

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தண்ணீர்க் கூட்டம் 2 மணி 10 நிமிடம் நடந்தது. போனில் பதிவு செய்து தட்டச்சு செய்து பார்த்தால் 46 பக்கம். அதை ஒரு பக்கமாகச் சுருக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது என் வேலை. ஒட்டினேன். மறுநாள் சி பிளாக் அக்கா ஒருவர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "தம்பி, பிளம்பர் சொன்னது எங்கப்பா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து, நான் எழுதிய 10 வரிகளுக்கும் பக்கத்தில் அது எந்த நிமிடத்தில் பேசப்பட்டது என்று குறித்துப் பார்த்தேன். முதல் 20 நிமிடத்திலிருந்து 5 வரி, கடைசி 20 நிமிடத்திலிருந்து 4. நடுவில் கிடந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு வரி.

நடுவில் அப்படி என்ன இருந்தது? 72-வது நிமிடத்தில் பிளம்பர் மூன்று நிமிடம் பேசியிருக்கிறார். ராத்திரி மோட்டாரை நிறுத்தி, வால்வை மூடிவிட்டுப் போனாலும் விடிவதற்குள் சம்ப்பில் 6 அங்குலம் தண்ணீர் இறங்கிவிடுகிறதாம். சம்ப் 20 அடிக்கு 13 அடி. 6 அங்குலம் என்றால் 260-இல் பாதி, 130 கன அடி, அதாவது ஏறக்குறைய 3,700 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் ஒன்று மூன்றே கால் ராத்திரியில் மண்ணுக்குள் போகிறது. மொத்தக் கூட்டத்திலும் இதைவிடப் பெரிய செய்தி இல்லை. நான் எழுதியதோ, பொருளாளர் ஆரம்பத்தில் சொன்ன டேங்கர் பில்லும், கடைசியில் டேங்கரை எங்கே நிறுத்துவது என்று நடந்த பார்க்கிங் சண்டையும்.

அப்புறம் அதே 46 பக்கத்தை மூன்று விதமாகச் சுருக்கிப் பார்த்தேன். பிளம்பர் விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் இது சுத்தமான சோதனை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வழியும் எங்கே சறுக்குகிறது என்பது தெரிந்தது.

முதல் வழி எல்லோரும் செய்வதுதான்: முழுசாகப் படி, ஆறப்போடு, காலையில் எழுது. ஆறப்போடுவதில் பாதி நியாயம் இருக்கிறது. 1966-இல் கிளான்சர், குனிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 15 சொற்கள் கொண்ட பட்டியல்களைக் காட்டி, சில பட்டியல்களை உடனே நினைவுகூரச் சொன்னார்கள். சிலவற்றை 30 விநாடி எண்களை எண்ணவைத்துவிட்டுக் கேட்டார்கள். உடனே கேட்டபோது கடைசிச் சொற்கள் நன்றாக நினைவிருந்தன. எண்ணவைத்துவிட்டுக் கேட்டபோது அந்தச் சலுகை போய்விட்டது, முதல் சொற்களின் சலுகை மட்டும் அப்படியே நின்றது. சொற்பட்டியல் வேறு, சங்கக் கூட்டம் வேறுதான். ஆனால் என் அனுபவமும் இதையே சொல்கிறது. ஒரு ராத்திரி போனதும் பார்க்கிங் சண்டை நாலு வரியிலிருந்து இரண்டாகச் சுருங்கியது. பொருளாளரின் 5 வரி அசையவே இல்லை.

இரண்டாவது வழி, துண்டு போடுவது. 130 நிமிடத்தை 10 நிமிடத் துண்டுகளாக வெட்டினால் 13 துண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினால் 26 வரி; அதிலிருந்து 10-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளம்பர் உடனே உள்ளே வந்துவிட்டார். நினைவை நம்பாத முறை என்பதால் கடைசிப் பேச்சின் பலமும் குறைந்தது. தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. 26 வரியும் வரிசையாகக் கிடந்தால் கண் மறுபடி மேலேயும் கீழேயும்தான் நிற்கும். நான் வரிகளைத் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி, சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டுத் தேர்ந்தெடுத்தேன்.

ஆனால் இந்த முறைக்கு நீளம்தான் எடை. 20 நிமிடம் பார்க்கிங்குக்காகக் கத்தியவர்களுக்கு 4 வரி, மூன்று நிமிடம் பேசிய பிளம்பருக்கு ஒன்று. அதைவிட மோசம், யாராவது பேச்சை மாற்றிக்கொண்டால் இதற்குத் தெரியாது. பொருளாளர் 6-வது நிமிடத்தில் டேங்கருக்கு மாதம் 1,80,000 ரூபாய் என்றார். 55-வது நிமிடத்தில் பில்லைப் பிரித்துப் பார்த்துவிட்டு, போன மாத பாக்கியும் அதில் சேர்ந்திருக்கிறது, உண்மையில் 1,40,000தான் என்று அவரே திருத்தினார். முதல் துண்டில் 1,80,000, ஆறாவது துண்டில் 1,40,000. கலைத்துப் போட்ட சீட்டில் எது எதைத் திருத்தியது என்று எப்படித் தெரியும்? என் முதல் நோட்டீஸிலும் பழைய தொகைதான் இருந்தது.

மூன்றாவது வழி, பொருள்வாரியாகப் பதிவது. ஒரு நோட்டில் நாலு கட்டம்: என்ன சொன்னார், எந்த நிமிடம், பின்னால் மாறியதா, முடிவானதா. யார் சொன்னார் என்பதை வேண்டுமென்றே கடைசிப் பக்கத்தில் தனியாக வைத்தேன், பதவியைப் பார்த்து வரிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று. 'பின்னால் மாறியதா' கட்டத்தில் 1,80,000 அடிபட்டுப் போயிற்று.

இந்த முறையில் சிக்கல் தலைப்பில் வருகிறது. முதலில் பேசுகிறவர் விஷயத்தை மட்டுமா தருகிறார், கேள்வியையும் அவர்தான் வைக்கிறார். 1946-இல் சாலமன் ஆஷ் ஒரு மனிதரைப் பற்றிய ஆறு குணங்களை, புத்திசாலி என்று தொடங்கிப் பொறாமைக்காரர் என்று முடியும்படி சிலருக்கும், அதே ஆறைத் தலைகீழாக வேறு சிலருக்கும் வாசித்தார். முதல் கூட்டத்தாருக்கு அந்த ஆள் நல்லவராகவே பட்டார். முதல் சொல் பின்னால் வருவதன் அர்த்தத்தையே சாய்த்துவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் பொருளாளரின் கேள்வி, 'டேங்கர் செலவை எப்படிக் குறைப்பது?' நானும் அதையே தலைப்பாக்கி, கீழே ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு பிரிவு வைத்திருந்தேன். பிளம்பர் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. உட்கார இடம் இல்லாததால் வெளியே போய்விட்டார்.

அதனால் தலைப்பைக் கடைசியில் வைத்தேன். 40-வது நிமிடத்திலிருந்து 100 வரை முதலில் படித்தேன், பிறகு ஆரம்பம், பிறகு முடிவு. நடுவிலிருந்து தொடங்கினால் "அவர் சொன்ன மாதிரி" என்று வரும் இடங்களில் யார் என்றே புரியாது. கேள்விக்குறி போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். குறிப்பெல்லாம் சேர்ந்த பிறகு அவையே 'தண்ணீர் எங்கே போகிறது', 'எவ்வளவு வாங்குகிறோம்', 'எங்கே இறக்குகிறோம்' என்று மூன்றாகப் பிரிந்தன. முதல் வழிக்கு ஒரு மணி நேரம் ஆனது, இதற்கு மூன்றரை.

எல்லாக் கூட்டத்துக்கும் மூன்றரை மணி நேரம் செலவழிப்பது கட்டுப்படியாகாது. அரை மணி நேரக் கூட்டமென்றால் நான் முதல் வழியில்தான் எழுதுகிறேன், வரிக்குப் பக்கத்தில் நிமிடம் குறிப்பதை மட்டும் விடுவதில்லை. துண்டு போடும் முறை, முடிவெடுக்காமல் குரல்களைப் பதிவு செய்யும் கூட்டங்களுக்குப் பொருத்தம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கைப்படி நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பில், எழுந்த எல்லாக் கருத்துகளையும் சுருக்கத்தில் கொண்டுவந்து, கூட்டம் முடியும்போது உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அங்கே யாரையும் விடாமல் இருப்பதுதான் வேலை. பணமும் முடிவும் கலந்த நீளமான கூட்டத்துக்கு மூன்றாவது வழிதான்.

ஒன்று சொல்ல வேண்டும். நிமிடக் கணக்கைப் பார்த்து எல்லாப் பகுதிக்கும் சம பங்கு கொடுக்கப் போகாதீர்கள். தீர்மானம் பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வரும், அது சுருக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். சந்தேகமான வரியிடம் நான் கேட்பது, 'நீ 72-வது நிமிடத்தில் வந்திருந்தால் உன்னை எடுத்திருப்பேனா?' பார்க்கிங் சண்டை அதில் தோற்றது. சண்டையின் முடிவில் வந்த, டேங்கர் காலை 6 மணிக்கு முன் வர வேண்டும் என்ற தீர்மானம் ஜெயித்தது.

திருத்திய நோட்டீஸை ஒட்டியாயிற்று. சம்ப் கசிவு முதல் வரி. பொருளாளர் அதன்முன் கொஞ்ச நேரம் நின்று படித்துவிட்டு, "நான்தானேப்பா முதல்ல பேசினேன்?" என்றார்.